தளம் பிடித்த டிசிஎஸ் கணக்கில் காணவில்லையா? கடிதம் எழுதும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஆன்லைன் தளத்தில் பொருள் விற்பவருக்கு வரும் செட்டில்மென்ட் அறிக்கையில் கமிஷன், ஷிப்பிங் தவிர இன்னும் இரண்டு கழிவுகள் இருக்கும். ஒன்று ஜிஎஸ்டி சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பிடிக்கப்படும் டிசிஎஸ். மற்றொன்று வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவுப்படி பிடிக்கப்படும் டிடிஎஸ். இரண்டுமே உங்கள் பணம்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு துறைகளுக்குப் போய், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாட்களில் உங்கள் பெயரில் வந்து சேர்கின்றன. ‘பிடித்தார்கள், ஆனால் கணக்கில் வரவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடமும் நாளும் புரியாததால் வருபவை. மீதமுள்ள சில புகார்களில் உண்மையாகவே பணம் விடுபட்டிருக்கும். அந்தத் தொகையை மட்டும் தனியே பிரித்து எடுத்த பிறகு கடிதம் எழுதினால்தான் படிப்பவரால் ஏதாவது செய்ய முடியும்.

இங்கே எழுதியிருப்பது ஜிஎஸ்டி டிசிஎஸ் பற்றி. டிடிஎஸ் குழப்பத்தை முதல் அறிகுறியிலேயே முடித்துவிடலாம்.

அறிகுறி: 26ஏஎஸ் படிவத்தில் டிசிஎஸ் தொகை இல்லை

இல்லாததே சரி. 26ஏஎஸ் வருமான வரிக்கான பதிவு. இந்த இரண்டில் அதில் வருவது 194-ஓ டிடிஎஸ் மட்டும்தான். அதன் விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம், அதற்கு முன் 1 சதவீதமாக இருந்தது. தளம் இதை மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் அறிக்கையில் காட்டுகிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிடித்ததற்கு அறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜனவரி 31. ஆகவே நவம்பரில் பிடித்ததை டிசம்பரில் தேடினால் கிடைக்காது. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் அதன் பிறகான மாதங்களுக்குப் பிரிவு எண் மாறும். பழைய மாதங்களுக்கு 194-ஓ என்றே தேடுங்கள்.)

ஜிஎஸ்டி டிசிஎஸ் 26ஏஎஸ் பக்கமே வராது. அது ஜிஎஸ்டி போர்ட்டலில்தான் இருக்கும்.

அறிகுறி: ஜிஎஸ்டி போர்ட்டலிலும் எங்கும் இல்லை

‘எங்கும்’ என்று சொல்பவர் பெரும்பாலும் பார்த்திருப்பது 2பி அறிக்கையையும் கிரெடிட் லெட்ஜரையும்தான். அவை இரண்டும் கொள்முதலுக்கான உள்ளீட்டு வரிக்கு உரியவை. டிசிஎஸ் உள்ளீட்டு வரி அல்ல, உங்கள் சார்பில் முன்கூட்டியே கட்டப்பட்ட ரொக்கம். அதனால் அது கேஷ் லெட்ஜரில் வரவாகும்.

தானாக வரவாகாது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. தளம் ஒவ்வொரு மாதத்துக்கும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 என்ற டிசிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலான பிறகு உங்கள் போர்ட்டலில் ஒரு தனிப் பக்கத்தில் பதிவு வந்து காத்திருக்கும். நீங்கள் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், பதிவை ஏற்று, ஓடிபி கொடுத்துத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம் கேஷ் லெட்ஜருக்கு வரும். வழி இது:

```
Services > Returns > Returns Dashboard
TDS and TCS credit received
```

உள்ளே டிடிஎஸ், டிசிஎஸ், அவற்றின் திருத்தங்கள் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். டிசிஎஸ் கட்டத்தைத் திறந்து பாருங்கள். மாதக் கணக்கில் யாரும் தொடாத பதிவுகள் அங்கே வரிசையாக நிற்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது. ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியதோடு நிறுத்திவிட்டுத் தாக்கல் செய்யாமல் வெளியே வந்திருந்தாலும் பணம் வராது.

ஒரு குறிப்பு. அங்கே தெரியும் தளத்தின் ஜிஎஸ்டி எண், கமிஷன் பில்லில் நீங்கள் பார்த்த எண்ணாக இருக்காது. டிசிஎஸ் பிடிப்பதற்குத் தளம் மாநிலவாரியாகத் தனிப் பதிவு வைத்திருக்கும். அந்த எண்ணில் 14-ஆவது எழுத்து `C` ஆக இருக்கும். சாதாரணப் பதிவில் அந்த இடத்தில் `Z` இருக்கும். எண் வேறாக இருக்கிறதே, யாருடையதோ என்று நினைத்துப் பதிவை நிராகரித்துவிடாதீர்கள்.

அறிகுறி: வந்திருக்கிறது, ஆனால் செட்டில்மென்டில் பிடித்ததைவிடக் குறைவு

நிதானமாக உட்கார வேண்டிய இடம் இதுதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கி ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன்.

கரூரில் இருந்து படுக்கை விரிப்பு விற்கும் ஒருவர். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் இருக்கிறது. தளத்தின் பெங்களூரு கிடங்கிலும் சரக்கு வைத்திருப்பதால் கர்நாடகப் பதிவும் எடுத்திருக்கிறார். 2025 நவம்பர் மாத செட்டில்மென்ட் அறிக்கைகளைக் கூட்டினால் டிசிஎஸ் 4,180 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். டிசம்பர் 10 தாண்டி போர்ட்டலைத் திறந்தால் 2,600 ரூபாய்தான் தெரிகிறது. 1,580 ரூபாய் குறைகிறது.

இந்த 1,580-ஐ அப்படியே கடிதத்தில் எழுதினால் பதில் ‘எங்கள் பதிவுப்படி சரியாக உள்ளது’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஏனென்றால் அதில் பெரும்பகுதிக்கு விளக்கம் இருக்கிறது.

முதலில் ஒப்பிட எடுத்த தாளையே மாற்ற வேண்டும். செட்டில்மென்ட் என்பது பணம் உங்கள் வங்கிக்கு வந்த நாளைப் பின்பற்றும். ஜிஎஸ்டிஆர்-8 விற்பனை நடந்த மாதத்தைப் பின்பற்றும். அக்டோபர் கடைசி வாரத்தில் போன சரக்குக்கு நவம்பரில் பணம் வரும். நவம்பர் கடைசி வாரத்துச் சரக்குக்கு டிசம்பரில் வரும். ஆகவே தளம் மாதந்தோறும் தரும் வரி அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். விற்பனை, திரும்பி வந்தவை, வாங்கியவரின் மாநிலம், வரி நீங்கலான மதிப்பு எல்லாம் ஆர்டர் வாரியாக அதில் இருக்கும். போர்ட்டலோடு ஒப்பிட வேண்டிய தாள் அதுதான்.

நம் விற்பனையாளரின் நவம்பர் வரி அறிக்கை இப்படி இருக்கிறது. தமிழ்நாட்டு எண்ணில் வரி நீங்கலாக விற்பனை 6,40,000 ரூபாய், திரும்பி வந்தது 90,000, நிகரம் 5,50,000. கர்நாடக எண்ணில் விற்பனை 2,60,000, திரும்பி வந்தது 40,000, நிகரம் 2,20,000. டிசிஎஸ் நிகர மதிப்பில் 0.5 சதவீதம். தமிழ்நாட்டுக்கு 2,750, கர்நாடகத்துக்கு 1,100, மொத்தம் 3,850 ரூபாய்.

இங்கே இரண்டு இடங்களில் கை தவறும். வாடிக்கையாளர் கொடுத்த விலையை வைத்துக் கணக்கிட்டால், அதில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருப்பதால் தொகை கூடிவிடும். வரி நீங்கலான மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். அப்புறம், 0.5 என்ற விகிதம் 2024 ஜூலை 10 முதல்தான். அதற்கு முந்தைய விற்பனைக்கு 1 சதவீதம். பழைய ஆண்டுக் கணக்கை இப்போது பார்ப்பவர்கள் 2024 ஜூலை மாதத்தை மட்டும் 9-ஆம் தேதி வரை ஒரு பகுதி, மீதி ஒரு பகுதி என்று பிரித்துப் போட வேண்டும்.

சரி, செட்டில்மென்டில் 4,180, வரி அறிக்கைப்படி 3,850. இந்த 330 எங்கிருந்து வந்தது? இரண்டு தாள்களிலும் ஆர்டர் எண் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, செட்டில்மென்ட் தாளுக்கு `Settlement` என்று பெயரிட்டு, இரண்டிலும் ஆர்டர் எண்கள் `A` பத்தியில் இருப்பதாக வைத்து, வரி அறிக்கையின் பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIF(Settlement!A:A, A2)
```

பூஜ்யம் வரும் ஆர்டர்கள் நவம்பரில் விற்றும் நவம்பர் செட்டில்மென்டில் வராதவை. அதே கணக்கை எதிர்ப்பக்கமாகச் செட்டில்மென்ட் தாளில் போட்டால், நவம்பரில் பணம் வந்தும் நவம்பர் விற்பனையாக இல்லாதவை தெரியும். நம் உதாரணத்தில் அக்டோபர் ஆர்டர்கள் 1,86,000 ரூபாய்க்கு நவம்பரில் பணம் வந்திருக்கிறது. அதற்கான டிசிஎஸ் 930. நவம்பர் ஆர்டர்கள் 1,20,000 ரூபாய் டிசம்பருக்குத் தள்ளிப் போயிருக்கின்றன, அதற்கு 600. வித்தியாசம் 330. இது காணாமல் போன பணம் அல்ல, மாதம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லால் சமாதானப்படுத்திக்கொள்ளாமல், அக்டோபர் பதிவில் அந்த 930 உண்மையாகவே சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கர்நாடகத்தின் 1,100. செட்டில்மென்ட் அறிக்கை இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து ஒன்றாக வருகிறது. போர்ட்டலோ ஒவ்வொரு ஜிஎஸ்டி எண்ணுக்கும் தனி லாகின். பெங்களூரு கிடங்கில் இருந்து போன சரக்கு கர்நாடகப் பதிவின் விற்பனை. அதற்கான டிசிஎஸ் அந்த எண்ணின் பக்கத்தில்தான் நிற்கும். அந்த லாகினில் போய்ப் பார்த்தால் 1,100 சரியாக இருக்கிறது. கிடங்கு வசதிக்காகப் பதிவு எடுத்துவிட்டு, அந்த லாகினை ரிட்டர்ன் போடும் நாளில் மட்டும் திறப்பவர்கள் நிறையப் பேர். வேறு மாநிலத்தில் சரக்கு வைத்திருக்கும் எவரும் புகார் எழுதும் முன் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

ஆக 1,580-இல் 330 மாத மாற்றம், 1,100 வேறு எண். மீதம் 150 ரூபாய். தமிழ்நாட்டு எண்ணில் 2,750 வர வேண்டிய இடத்தில் 2,600 வந்திருக்கிறது. இதுதான் உண்மையான குறை.

இனி இது எந்த ஆர்டர் என்று தேட வேண்டும். போர்ட்டல் ஆர்டர் விவரம் தராது, மொத்தம்தான் தரும். ஆனால் அந்த மொத்தமே நிறையச் சொல்லும். மொத்த விற்பனை, திரும்பி வந்தவை, நிகரம் என்று மூன்று எண்கள் இருக்கும். நம் உதாரணத்தில் திரும்பி வந்தவை 90,000 என்று சரியாகவே இருக்கிறது. மொத்த விற்பனை 6,40,000-க்குப் பதில் 6,10,000. எனவே விடுபட்டது 30,000 ரூபாய் விற்பனை. திரும்பி வந்ததை இருமுறை கழித்துவிட்டார்களோ என்ற சந்தேகம் இங்கேயே விலகுகிறது.

அடுத்து வரித் தலைப்புகளைப் பாருங்கள். வரி அறிக்கைப்படி வெளிமாநில விற்பனை 3,70,000. அதற்கு ஐஜிஎஸ்டி 1,850. உள்மாநில விற்பனை 1,80,000. அதற்கு சிஜிஎஸ்டி 450, எஸ்ஜிஎஸ்டி 450. போர்ட்டலில் ஐஜிஎஸ்டி 1,850 அப்படியே இருக்கிறது. சிஜிஎஸ்டி 375, எஸ்ஜிஎஸ்டி 375 என்று இரண்டிலும் 75 குறைகிறது. ஆகவே விடுபட்டது தமிழ்நாட்டுக்குள் விற்ற சரக்கு.

வரி அறிக்கையில் தமிழ்நாட்டு வாங்குபவர்களை மட்டும் வடிகட்டி, 30,000 ரூபாய்க்குப் பொருந்தும் ஆர்டரையோ தொகுப்பையோ தேடினால், சென்னை விடுதி ஒன்று தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கிய ஒரே பில் 30,000 ரூபாய். ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் பதிவு பெற்றவருக்கு விற்றது தனியாகவும் மற்றவர்களுக்கு விற்றது தனியாகவும் காட்டப்படுகிறது. தளத்தின் வரி அறிக்கையிலும் இவை இரண்டும் தனித் தாள்களாக வருவது உண்டு. ஒரு தாள் முழுதாக விட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது என்பதால், குறை எதுவானாலும் முதலில் பதிவு பெற்றவர்களுக்கு விற்ற தாளின் மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் அது பைசா முழுமையாக்கல். அதைத் துரத்த வேண்டாம். 150 ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தொகை சின்னதுதான். ஆனால் ஜிஎஸ்டி எண் கொடுத்து வாங்கியவர்களின் பில்கள் ஒரு மாதம் விடுபட்டால் அது பெரும்பாலும் ஒரு பில்லோடு நிற்பதில்லை. அதனால் இதே சோதனையை முந்தைய மாதங்களுக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லா மாதத்துக் குறையையும் ஒரே கடிதத்தில் வையுங்கள்.

அறிகுறி: ஒரு மாதம் மட்டும் பூஜ்யம்

அந்த மாதம் விற்றதைவிடத் திரும்பி வந்தது அதிகமா என்று பாருங்கள். தீபாவளி விற்பனைக்கு அடுத்த மாதத்தில் இது நடக்கும். நிகரம் கழித்தலாகப் போனால் அந்த மாதத்துக்கு டிசிஎஸ் இல்லை. படிவத்தில் கழித்தல் தொகையைக் காட்டவும் முடியாது. அந்தக் கழித்தல் அடுத்த மாதத்துக்கும் எடுத்துச் செல்லப்படாது என்பது மறைமுக வரி வாரியம் வெளியிட்ட கேள்வி பதிலில் இருக்கும் விளக்கம். ஆனால் செட்டில்மென்ட் அறிக்கையில் ஆர்டர் வாரியாகப் பிடித்தலும் திருப்பித் தருதலும் ஓடிக்கொண்டே இருக்கும். பிடித்த வரிகளை மட்டும் கூட்டினால் ஒரு தொகை வந்து நம்மை ஏமாற்றும். திருப்பித் தந்த வரிகளையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

அறிகுறி: தொகை சரி, ஆனால் வேறு தலைப்பில் இருக்கிறது

வெளிமாநில விற்பனை அதிகமானவர்களுக்கு டிசிஎஸ் பெரும்பகுதி ஐஜிஎஸ்டி தலைப்பில் வந்து சேரும். கட்ட வேண்டிய வரியோ எஸ்ஜிஎஸ்டியில் இருக்கும். இது பிழை அல்ல. பிஎம்டி-09 படிவத்தின் மூலம் கேஷ் லெட்ஜருக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். தேவைக்கு மேல் தங்கிவிட்டால் ஆர்எஃப்டி-01 படிவத்தில் ‘கேஷ் லெட்ஜரில் உபரி’ என்ற வகையில் திரும்பக் கேட்கலாம்.

இப்போது கடிதம்

முதல் கடிதம் தளத்துக்கு. ஜிஎஸ்டிஆர்-8 அவர்கள் தாக்கல் செய்வது. துறை அலுவலரால் அதில் ஒரு வரியைச் சேர்க்க முடியாது. செல்லர் சப்போர்ட்டில் வரிப் பிரிவின் கீழ் கேஸ் திறந்து, கதை எழுதாமல் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்:

‘எங்கள் ஜிஎஸ்டி எண் (தமிழ்நாடு) ……. 2025 நவம்பர் மாதத்துக்கு உங்கள் வரி அறிக்கைப்படி மொத்த விற்பனை 6,40,000, திரும்பி வந்தது 90,000. உங்கள் ஜிஎஸ்டிஆர்-8 வழியாகப் போர்ட்டலில் தெரியும் மொத்த விற்பனை 6,10,000. விடுபட்டது பதிவு பெற்ற வாங்குபவருக்கான ஒரு பில்: பில் எண் ……, தேதி ……, வரி நீங்கலான மதிப்பு 30,000. இதற்கான சிஜிஎஸ்டி 75, எஸ்ஜிஎஸ்டி 75 ரூபாய் செட்டில்மென்டில் (எண் ……) பிடிக்கப்பட்டுள்ளது. அடுத்த ஜிஎஸ்டிஆர்-8 தாக்கலில் சேர்த்துத் தரவும். ஏற்கெனவே உள்ள பதிவை நாங்கள் ஏற்க வேண்டுமா, நிராகரிக்க வேண்டுமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.’

கடைசி வரி முக்கியம். நிராகரித்தால் அந்தப் பதிவு திருத்தத்துக்காகத் தளத்துக்குத் திரும்பும். அவர்கள் திருத்தும்வரை சரியாக வந்த 2,600-ம் உங்கள் கைக்கு வராது. பதிவு உங்களுடையதே அல்ல என்றால் நிராகரியுங்கள். குறை மட்டும்தான் என்றால் அவர்கள் பதில் வரும்வரை தொடாமல் விடுவது நல்லது.

தளம் தன் தவறைத் தானே கண்டால், கண்ட மாதத்தின் அறிக்கையில் திருத்தலாம் என்று 52(6) அனுமதிக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது தளம் தன் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான். 2025 நவம்பர் மாதக் குறைக்கு வெளி எல்லை 2026 நவம்பர் 30. தளம் ஆண்டறிக்கையை முன்னதாகவே முடித்துவிடலாம் என்பதால் அந்தத் தேதியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கேஸ் திறந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு ஜிஎஸ்டிஆர்-8 தேதிகள் போயும் திருத்தம் வரவில்லை என்றால் துறைக்கு எழுதலாம். உங்கள் சரக அலுவலருக்கு எழுதி, துணை ஆணையருக்கு நகல் வையுங்கள். காரணம், துணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி தளத்துக்கு நோட்டீஸ் கொடுத்து விற்பனை விவரம் கேட்கலாம் என்று 52(12) சொல்கிறது. நோட்டீஸ் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் தளம் பதில் தர வேண்டும். தராவிட்டால் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தளத்தின் `C` எண்ணைப் போர்ட்டலில் `Search Taxpayer` பகுதியில் போட்டால் அது எந்தச் சரகத்தின் கீழ் வருகிறது என்பதும் தெரியும். அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இணைப்புகள் நான்கு போதும்: போர்ட்டலின் டிசிஎஸ் பக்கத்தின் படம், மாத வரி அறிக்கையின் மொத்தப் பக்கம், விடுபட்ட பில்லும் அதற்கு டிசிஎஸ் பிடித்த செட்டில்மென்ட் வரியும், தளத்துடனான கேஸ் உரையாடல். 1,580-இல் 150 மட்டும் மிஞ்சிய கணக்கை அரைப் பக்கத்தில் மேலே வையுங்கள். 330-ஐயும் 1,100-ஐயும் ஏன் கேட்கவில்லை என்பது அதில் தெரிந்தால், மீதித் தொகையை அலுவலர் நம்பிக் கையில் எடுப்பார்.

பக்கம் திறக்கவில்லை, தாக்கல் செய்தும் லெட்ஜரில் வரவாகவில்லை என்பது போன்றவை தளத்தின் குறையோ சரக அலுவலரின் வேலையோ அல்ல. அவற்றைப் போர்ட்டலின் குறைதீர்ப் பக்கத்தில், தாக்கல் செய்த ரசீது எண்ணோடு பதியுங்கள்.

தளம் திருத்தியதும் அந்த 150 ரூபாய் கேஷ் லெட்ஜருக்கு நேராக வந்துவிடாது. அது எந்த மாத ஜிஎஸ்டிஆர்-8 வழியாக வந்ததோ, அந்த மாதத்தின் அதே பக்கத்தில் டிசிஎஸ் கட்டத்திலோ திருத்தக் கட்டத்திலோ வந்து நிற்கும். அதையும் ஏற்று, தாக்கல் செய்ய வேண்டும்.